"மெயின் காண்ட்ராக்ட் உங்களுக்கும் பொருந்தும்": அந்த ஒற்றை வரியை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தீயணைப்புக் குழாய், ஸ்பிரிங்ளர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. பெரிய கட்டடம் ஒன்றில் சப் காண்ட்ராக்ட் வந்திருக்கிறது. கொடுத்த ஒர்க் ஆர்டர் மூன்றே பக்கம். அதில் "மெயின் காண்ட்ராக்டின் எல்லா நிபந்தனைகளும் தேவையான மாற்றங்களுடன் இதற்கும் பேக்-டு-பேக் ஆகப் பொருந்தும், சப் காண்ட்ராக்டர் அவற்றை முழுவதும் படித்து அறிந்தவராகக் கருதப்படுவார்" என்று ஒரு வரி. மெயின் காண்ட்ராக்டைக் காட்டுங்கள் என்றால் ரகசியம் என்கிறார்கள். எல்லாரும் போடும் வரிதான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் அவர்களுடைய ஆள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்படியே போடாதீர்கள். அதற்காக வேலையை விட்டுவிடவும் வேண்டாம்.

எல்லாரும் போடும் வரிதான், அதில் பொய் இல்லை. மெயின் காண்ட்ராக்டர் பக்கம் உட்கார்ந்து பல வருடம் அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். "பேக்-டு-பேக்" என்று எழுதும்போது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: மேலே நான் எதில் மாட்டினாலும் கீழே ஒருவர் அதே விஷயத்தில் எனக்கு மாட்டியிருக்க வேண்டும். சப் காண்ட்ராக்டருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று யோசித்ததே கிடையாது. அதைவிட வேடிக்கை, எனக்கே அந்த வரி சரியாக வேலை செய்யாது என்று புரிந்துகொள்ள ஒரு வழக்கு வரைக்கும் போக வேண்டியிருந்தது. அதனால் இந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்கும்போது கெஞ்சுகிற தொனியில் கேட்காதீர்கள், திருத்தினால் அவர்களுக்கும் நல்லதுதான்.

முதலில் அந்த ரகசியம். படிக்காத ஒன்றை "படித்து அறிந்தவராக"க் கருதுவதற்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால், பிறகு "எனக்குக் காட்டவே இல்லையே" என்ற பேச்சு பெரும்பாலும் எடுபடாது. விலை ரகசியம் என்றால் விலைப் பக்கங்களை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கட்டும். இது நடைமுறையில் இல்லாத கோரிக்கை அல்ல. சர்வதேச கட்டுமான ஒப்பந்தங்களில் அதிகம் புழங்கும் ஃபிடிக் அமைப்பு 2011-ல் வெளியிட்ட சப் காண்ட்ராக்ட் படிவத்திலேயே, மெயின் காண்ட்ராக்டரின் விலை விவரம் தவிர மற்றதை சப் காண்ட்ராக்டர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கேட்கும்போது பொது நிபந்தனைகளை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள், அது அச்சடித்த புத்தகம், எங்கேயும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது தனி நிபந்தனைகள். அச்சில் இருக்கும் 28 நாளை 14 ஆக்குவதும், இழப்பீட்டு உச்சவரம்பை நீக்குவதும் அங்கேதான் நடக்கும்.

அடுத்து "தேவையான மாற்றங்களுடன்". எது தேவை என்று யார் முடிவு செய்வது? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மெயின் காண்ட்ராக்டின் ஒரு பக்கத்தை எடுத்து, "உரிமையாளர்" என்று வரும் இடத்தில் எல்லாம் மெயின் காண்ட்ராக்டர் பெயரையும், "காண்ட்ராக்டர்" என்று வரும் இடத்தில் உங்கள் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். இதுவரை சரி. மூன்றாவதாக ஒருவர் வருவார்: "இன்ஜினியர்", அதாவது உரிமையாளர் நியமித்த கன்சல்டன்ட். அவர் இடத்தில் யாரை எழுதுவீர்கள்? அவரையே விட்டுவைத்தால், கூடுதல் வேலைக்கு ரேட் நிர்ணயிக்கச் சொல்லி அவருக்கு நீங்கள் கடிதம் எழுத வேண்டும். அவருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது, பதில் வராது. மெயின் காண்ட்ராக்டர் பெயரை எழுதினால், மேலே நடுநிலையாக முடிவெடுக்க வேண்டியவர் உட்காரும் நாற்காலியில் கீழே எதிர்த்தரப்பே உட்காருகிறார். ஒற்றை வரி இதில் எதையும் சொல்வதில்லை. சண்டை வந்த பிறகு, இரண்டு பக்க வக்கீல்களும் தங்கள் வசதிக்கு ஏற்பப் பென்சிலை எடுப்பார்கள்.

நீதிமன்றங்களும் இந்த மாதிரி பொது வரியை அப்படியே முழுதாக விழுங்கிக்கொள்வதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2009-ல் எம்.ஆர். எஞ்சினியர்ஸ் எதிர் சோம் தத் பில்டர்ஸ் வழக்கில் பார்த்தது இதையேதான். மெயின் காண்ட்ராக்டின் நிபந்தனைகள்படி சப் காண்ட்ராக்ட் நடக்கும் என்று பொதுவாக எழுதியிருந்தார்கள், மேலே ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தது. கீழேயும் அது இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பானது. வேலையை எப்படிச் செய்வது என்பது சம்பந்தப்பட்ட நிபந்தனைகள்தான் அந்த வரி வழியாகக் கீழே இறங்கும், தாவாவை எங்கே தீர்ப்பது என்பதைத் தனியாக, தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, "எல்லாம் பொருந்தும்" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் மெயின் காண்ட்ராக்டருக்கும் அதில் ஓட்டை இருக்கிறது.

சரி, இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். மேலே உள்ள நாள் கணக்கைக் கீழே அப்படியே நகல் எடுக்கவே கூடாது. கண்ணாடியில் வலது இடதாவது மாதிரி, இங்கே திசை பார்த்து மாற்ற வேண்டும். உங்களிடமிருந்து மேலே போகிற எதற்கும் கீழ் ஒப்பந்தத்தில் நாள் குறைய வேண்டும். மேலிருந்து உங்களுக்கு வருகிற எதற்கும் நாள் கூட வேண்டும். நடுவில் ஒரு ஆபீஸ் இருக்கிறது, அந்த மேஜையைத் தாண்டக் காகிதத்துக்கு நாள் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

உங்கள் வேலையிலிருந்தே ஒரு உதாரணம். மாதத்தின் முதல் தேதி சைட் மீட்டிங். ஏசி டக்ட் போகும் பாதையை மாற்றிவிட்டோம், ஸ்பிரிங்ளர் மெயின் குழாயை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று கன்சல்டன்ட் சொல்கிறார். நீங்களும் இருக்கிறீர்கள், மெயின் காண்ட்ராக்டரும் இருக்கிறார், இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது ஒரே நாள். ஃபிடிக்கின் மெயின் காண்ட்ராக்ட் படிவமான சிவப்புப் புத்தகத்தில், 1999 பதிப்பானாலும் 2017 பதிப்பானாலும், கூடுதல் பணமோ கூடுதல் நாளோ கேட்க வேண்டும் என்றால் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும் என்றுதான் ஷரத்து எழுதப்பட்டிருக்கிறது. ஆக மெயின் காண்ட்ராக்டருக்குக் கெடு 29-ம் தேதி. உங்களுக்கும் அதே 28 நாள் என்று இருந்தால் உங்கள் கெடுவும் 29-ம் தேதி. நீங்கள் 29-ம் தேதி மாலை ஆறு மணிக்கு மெயில் அனுப்புகிறீர்கள், உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை. அவர்களுடைய காண்ட்ராக்ட் பிரிவில் அதைத் திறந்து பார்ப்பது 30-ம் தேதி காலை. மேலே கதவு மூடியாகிவிட்டது. அப்புறம் உங்கள் ஒர்க் ஆர்டரில் "மேலே கிடைத்தால்தான் கீழே" என்ற வரியும் இருந்தால், கெடுவுக்குள் கொடுத்த உங்கள் கோரிக்கையும் அதோடு சேர்ந்து செத்துவிடும்.

இதனால்தான் மேலே சொன்ன 2011 சப் காண்ட்ராக்ட் படிவத்தில் 28 நாள் 21 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏழு நாள் நடு மேஜைக்கு. இது நியாயம், ஒப்புக்கொள்ளுங்கள், 14 என்றால்கூட சமாளிக்கலாம். சிலர் 3 நாள் என்று எழுதுவார்கள். அது மேஜைக்குத் தேவைப்படும் நேரம் இல்லை, நீங்கள் தவறவேண்டும் என்பதற்காக வைத்த பொறி. எத்தனை நாள் ஆனாலும், பதிலுக்கு இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். உங்கள் நாள் ஓடத் தொடங்குவது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. மேலே 1-ம் தேதி வந்த உத்தரவு அவர்கள் டிராயரில் தூங்கிவிட்டு 20-ம் தேதி உங்களிடம் வந்தால், 20-ம் தேதிதான் உங்களுக்கு முதல் தேதி. இரண்டாவது, நீங்கள் கெடுவுக்குள் கொடுத்து அவர்கள் மேலே அனுப்பத் தவறினால், உங்கள் உரிமை அப்படியே இருக்கும்.

எதிர்த் திசையும் பாருங்கள். வரைபடத்தை இன்ஜினியர் 21 நாளில் திருப்ப வேண்டும் என்று மேலே இருக்கிறது. நீங்கள் கொடுத்த வரைபடத்தை மெயின் காண்ட்ராக்டர் சரிபார்க்க நான்கு நாள், திரும்பி வந்ததை உங்களிடம் சேர்க்க மூன்று நாள் என்று வையுங்கள். உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது 28-வது நாள். ஒப்பந்தம் 21 என்று சொல்வதை நம்பி நீங்கள் பம்புக்கும் வால்வுக்கும் ஆர்டர் தேதி வைத்தால், ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு வாரம் தின்றுவிடும். ஷெட்யூல் போடும்போது 28 என்றே போடுங்கள், ஒப்பந்தத்திலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

இனி எல்.டி., தாமத இழப்பீடு. இதில் "பேக்-டு-பேக்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது யாருக்கும் கணக்குப் போடும் வரை தெரியாது. மெயின் காண்ட்ராக்டின் மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம், உங்களுடையது 4. மேலே எல்.டி. நாளொன்றுக்கு ஒப்பந்த மதிப்பில் 0.1 சதவீதம், உச்சவரம்பு 10 சதவீதம். அதே சதவீதங்கள் உங்கள் மதிப்பின் மேல் என்று படித்தால், நாளொன்றுக்கு 0.004, எவ்வளவு தாமதமானாலும் மொத்தம் 0.4-க்கு மேல் போகாது. அதே தொகை கீழே இறங்கும் என்று படித்தால், நாளொன்றுக்கு 0.1. அது உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டரை சதவீதம், ஒரே நாளைக்கு! பத்து நாளில் உங்கள் மொத்த மதிப்பில் கால்வாசி. உச்சவரம்பு 10 என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் போல இரண்டரை மடங்கு. மூன்று பக்க ஒர்க் ஆர்டரில் இந்த இரண்டில் எது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஸ்பிரிங்ளர் டெஸ்ட் முடியாமல் கட்டடத்தைத் திறக்க முடியவில்லை என்றால் அவர் மேலே கட்டுவது 0.1, உங்களிடமிருந்து வருவது 0.004, மீதி அவர் கையிலிருந்து. ஆனால் கட்டடம் முழுவதற்குமான லாபமும் அவருக்குத்தான் போகிறது, நான்கு பங்கு வேலைக்காரர் நூறு பங்கு ஆபத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆக முடியாது. நடுவில் நிற்கும் தீர்வு பெரும்பாலும் இப்படி முடியும்: மேலே அவர் உண்மையில் கட்டிய எல்.டி.யில், உங்கள் தாமதத்தால் வந்த பங்கு மட்டும், உங்கள் ஒப்பந்த மதிப்பில் 10 சதவீதத்துக்கு மிகாமல். "உண்மையில் கட்டிய", "உங்கள் பங்கு" என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரே பத்து நாள் தாமதத்துக்கு ஓடு பதித்தவர், மின்வேலைக்காரர், குழாய்க்காரர் என்று மூன்று பேரிடமும் முழு எல்.டி. பிடித்து, மேலே ஒரு முறை மட்டும் கட்டிய கணக்கை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்ன, அந்தத் தாளைத் தட்டச்சு செய்ததே எங்கள் மேஜையில்தான்.

அப்புறம், மெயின் காண்ட்ராக்டில் இருக்கவே முடியாத ஒரு சமாசாரம்: மெயின் காண்ட்ராக்டரின் சொந்தத் தவறு. அவர் சீலிங்குக்கு மேல் பிளாஸ்டர் முடித்துக் கொடுக்காமல் உங்கள் ஆட்கள் மூன்று வாரம் சும்மா உட்காருகிறார்கள். மேலே இதற்கு அவர் எதுவும் கேட்க முடியாது, தன் தவறுக்குத் தானே எப்படிக் கேட்பார்? "மேலே எனக்குக் கிடைக்கும் நாளும் பணமும்தான் உனக்கு" என்று ஒப்பந்தம் சொன்னால் உங்களுக்கும் பூஜ்யம். அதாவது, கண்ணாடியில் தெரிவதற்கு மேலே உருவமே இல்லாத இடம் இது, தனி ஷரத்து எழுதித்தான் ஆக வேண்டும். மெயின் காண்ட்ராக்டராலோ அவருடைய மற்ற சப் காண்ட்ராக்டர்களாலோ வரும் தாமதத்துக்கு, மேலே எதுவும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உங்களுக்குக் கால நீட்டிப்பும் செலவும் உண்டு என்று. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் உங்களால் வாங்க முடியும் என்றால், இதை வாங்குங்கள்.

பணம் வரும் வழியும் கிட்டத்தட்ட இதே கதை. "மேலிருந்து பணம் வந்தபின் தரப்படும்" என்ற வாக்கியத்தை, எப்போது தருவது என்ற நாள் கணக்காகவும் படிக்கலாம், வராவிட்டால் தரவே வேண்டாம் என்ற நிபந்தனையாகவும் படிக்கலாம். பிரிட்டனில் 1996-ம் வருடச் சட்டம் கட்டுமான ஒப்பந்தங்களில் இந்த மாதிரி ஷரத்தைச் செல்லாததாக்கியது, மேலே இருப்பவர் திவாலானால் மட்டும் விதிவிலக்கு. சிங்கப்பூரிலும் செல்லாது. உங்கள் வேலைக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரு உள்ளூர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சட்டம் காப்பாற்றும் இடத்தில்கூட சொற்களைச் சரியாக எழுதிவிட்டால் வழக்கு வரை போக வேண்டியிருக்காது. "மேலிருந்து பணம் வந்த ஏழு நாளில், அல்லது பில் கொடுத்த 60 நாளில், எது முந்தியோ அது" என்று ஒரு கடைசித் தேதி வையுங்கள். மேலே பணம் நிற்பது பெரும்பாலும் உங்களால் இருக்காது. பேஸ்மென்ட் சுவரில் விரிசல் என்று உரிமையாளர் ரன்னிங் பில்லில் ஒரு தொகையை நிறுத்துவார், அந்த நிறுத்தத்தில் குழாய் வேலை எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள், மெயின் காண்ட்ராக்டர் அதை எல்லா சப் காண்ட்ராக்டர் மேலும் பரப்பிவிடுவார். உங்கள் வேலையில் உள்ள குறைக்காக நிறுத்தப்பட்ட தொகை என்று எழுத்தில் காட்டினால்தான் கடைசித் தேதி தள்ளிப்போகும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைதீர் காலத்தை, அதாவது வேலை முடிந்த பிறகு தெரியும் குறைகளை நீங்களே சரிசெய்து தர வேண்டிய காலத்தை, ஒரு பார்வை பாருங்கள், பலர் கவனிப்பதில்லை. மேலே 12 மாதம் என்றால் உங்களுக்கும் 12 மாதம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அது ஓடத் தொடங்குவது மொத்தக் கட்டடமும் ஒப்படைக்கப்பட்ட நாளில். நீங்கள் எட்டாவது மாதம் முடித்துவிட்டு, கட்டடம் 24-வது மாதம் ஒப்படைக்கப்பட்டால், உங்கள் பொறுப்பு 36-வது மாதம் வரை, அதாவது 28 மாதம். பம்ப் தயாரிப்பாளர் உங்களுக்குத் தரும் வாரண்டி அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும். அந்தப் பொறுப்புக்காக உங்கள் பில்களில் பிடித்து வைத்த பணம், ரிடென்ஷன், அதுவும் அதுவரை வராது. தேதியை மாற்ற முடியாவிட்டால், பம்ப் வாரண்டியை நீட்டிக்க ஆகும் செலவை இப்போதே ரேட்டில் ஏற்றுங்கள், அல்லது உங்கள் வேலை முடிந்து 18 மாதத்துக்கு மேல் போகாது என்று ஒரு எல்லை கேளுங்கள்.

இதை எல்லாம் எப்படி எழுதுவது? மூன்று பக்க ஆர்டரை முப்பது பக்கம் ஆக்கச் சொன்னால் அவர்களுடைய ஆள் எழுந்து போய்விடுவார். ஒரே ஒரு இணைப்புத் தாள் போதும். அந்த ஒற்றை வரியை அடிக்காமல், அதன் கீழே "இணைப்பில் உள்ளவை தவிர" என்று மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். இணைப்பில் மேலே சொன்ன ஐந்தாறு விஷயங்கள், கூடவே இன்ஜினியர் என்ற இடத்தில் யார், தாவா எங்கே தீரும், இந்த இணைப்புக்கும் மெயின் காண்ட்ராக்டுக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும் என்ற வாக்கியம். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மற்றது எல்லாம் வீண், ஏனென்றால் மெயின் காண்ட்ராக்டிலேயே ஆவணங்களின் வரிசை என்று ஒரு ஷரத்து இருக்கும், அதில் உங்கள் தாள் எங்கேயும் வராது.

மெயின் காண்ட்ராக்டைக் கடைசி வரை காட்டவே மாட்டோம் என்றால், "படித்து அறிந்தவராகக் கருதப்படுவார்" என்பதை மட்டும் அடித்துவிட்டு, "எழுத்தில் நகல் கொடுக்கப்பட்ட ஷரத்துகள் மட்டும் பொருந்தும்" என்று மாற்றித் திருப்பி அனுப்புங்கள். அதற்குப் பதில் வரும் வரை சைட்டில் ஆள் இறக்காதீர்கள். வேலையைத் தொடங்கிவிட்டால், கையெழுத்துப் போடாவிட்டாலும் அவர்கள் கொடுத்த தாளை நீங்கள் நடத்தையால் ஒப்புக்கொண்டீர்கள் என்று வாதாட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். நான் அந்தப் பக்கம் இருந்தபோது அப்படித்தான் வாதாடினோம்.